புது வேலையில் லீவு கேட்பது எப்படி? எச்.ஆர். வேலை பார்ப்பவரின் கேள்வி பதில்

சென்னையில் ஐ.டி. வேலை, சேர்ந்து இரண்டு மாதம். அடுத்த மாதம் திங்கட்கிழமை தென்காசியில் அக்கா கல்யாணம். வெள்ளி முதல் செவ்வாய் வரை கேட்கலாமா?

கேளுங்க, கல்யாணத்துக்கு லீவு கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், கடைசி வாரத்தில் போய் நின்றால்தான் சுளிப்பார்கள். ஆனால் வெள்ளியை விட்டுவிடுங்கள். பல கம்பெனிகளில் சாண்ட்விச் விதி உண்டு, வெள்ளியும் திங்களும் லீவு என்றால் நடுவில் வரும் சனி, ஞாயிறையும் சேர்த்து எண்ணுவார்கள். சம்பளம் 24,000 ரூபாய், 30 நாள் கணக்கு என்று வைத்தால் ஒரு நாள் 800. உங்களுக்குச் சம்பளத்தோடு லீவு இன்னும் சேரவில்லை என்றால், வெள்ளி முதல் செவ்வாய் வரை 5 நாள், 4,000 ரூபாய் பிடித்தம். வெள்ளி வேலை முடித்து ராத்திரி பஸ் ஏறினால் 2 நாள், 1,600. முதலில் மேனேஜரிடம் நேரில் சொல்லுங்கள், அன்றைக்கே மெயில் போட்டு, யார் உங்கள் வேலையைப் பார்ப்பார் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். போர்ட்டலில் அப்ரூவ் ஆன பிறகு டிக்கெட் எடுங்கள்.

ஒரு வருஷம் முடியாமல் லீவே கிடையாது என்று சட்டமே சொல்கிறதாமே?

பாதி சரி. தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 25-ஐப் பாருங்கள். ஒரு வருஷம் முடிந்த பிறகு வருவது 12 நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. அது வேறு. உடம்பு சரியில்லை என்றால் 12 நாள் வரை, நியாயமான வேறு காரணத்துக்கு 12 நாள் வரை, இரண்டும் முதல் வருஷத்திலேயே உண்டு. ஃபேக்டரிக்குச் சட்டம் வேறு, நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. அப்புறம், மூன்றாம் மாதத்தில் பிரிவு எண்ணை மெயிலில் எழுதி லீவு கேட்காதீர்கள், வேலைக்கு ஆகாது.

எனக்கு டைபாய்டு வந்து 9 நாள் போகவில்லை. ஆறு மாதம் முடிந்தும் கன்ஃபர்மேஷன் லெட்டர் வரவில்லை. லீவுதான் காரணமா?

இருக்கலாம், லீவு எடுத்த நாட்களைப் பிரொபேஷனில் கூட்டும் இடங்கள் உண்டு. அதற்கு முன் அப்பாயின்ட்மென்ட் லெட்டரைப் பாருங்கள். "எழுத்தில் உறுதி செய்யும் வரை பிரொபேஷன் தொடரும்" என்று இருந்தால் ஆறு மாதம் முடிந்ததும் தானாக நிரந்தரம் ஆகாது. மருத்துவச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் இணைத்து, கன்ஃபர்மேஷன் எந்தத் தேதி என்று மட்டும் கேட்டு ஒரு மெயில் போடுங்கள்.

நான் பேப்பர் போட்டாச்சு சார், நோட்டீஸ் பீரியடில் லீவு தருவார்களா?

கேள்வி இடம் மாறி வந்திருக்கிறது. எடுத்த நாளுக்குக் கடைசி தேதியைத் தள்ளிவிடும் கம்பெனிகள் நிறைய, கேட்டுவிட்டு எடுங்கள்.

இன்டர்வியூவிலேயே தீபாவளிக்கு 4 நாள் தருகிறேன் என்றார்கள். சொன்ன மேனேஜர் இப்போது இல்லை.

ஆஃபர் சமயத்து மெயிலில் ஒரு வரியாவது இருந்தால் அதைப் புது மேனேஜருக்கு அனுப்புங்கள். வாய்ப் பேச்சுதான் என்றால் அவர் மனசைப் பொறுத்தது. தீபாவளிக்கு டீமில் பாதிப் பேர் கேட்பார்கள், 2 நாள் கேட்டுப் பாருங்கள்.