ரேடியேஷனுக்கு முன்னாடியே வயித்துல டியூப் போடணுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயசு, அடிநாக்குல கேன்சர். இன்னும் ரெண்டு வாரத்துல ரேடியேஷன், கூடவே கீமோ, மொத்தம் ஏழு வாரம். இப்பவே வயித்துல பெக் டியூப் போடணும்ங்கறாங்க. ஆனா அவர் வாயாலதான் சாப்பிடுறார். டியூப் போட்டா அப்புறம் வாயால சாப்பிடவே முடியாதாமே? போன மாசம் 62 கிலோ, இப்ப 58. தண்ணி குடிச்சா மட்டும் இருமல் வருது.

பதில்: போட்டுடுங்க, ரேடியேஷன் தொடங்கறதுக்கு முன்னாடியே. நீங்க போற போக்குல கடைசியா எழுதின ரெண்டு வரிதான் இதுல முக்கியம். 62ல 4 கிலோ போச்சுன்னா நூத்துக்கு ஆறரை. ஒரு மாசத்துல அஞ்சு சதவீதம், இல்ல ஆறு மாசத்துல பத்து சதவீதம் எடை இறங்கியிருந்தா முன்கூட்டியே டியூப் யோசிக்கணும்ங்கறது வழக்கமா பார்க்கற கணக்கு, அப்பா அதைத் தாண்டிட்டார். தண்ணிக்கு இருமல் வருதுன்னா கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள்ள போகுதோன்னு சந்தேகப்படணும்.

"இப்ப சாப்பிடுறாரே"ன்னா, இப்ப சாப்பிடுவார். ரெண்டாவது மூணாவது வாரத்துல வாய் தொண்டையெல்லாம் புண்ணாக ஆரம்பிச்சு கடைசி வாரத்துல உச்சத்துக்குப் போகும், சிகிச்சை முடிஞ்ச பிறகும் சில வாரம் விடாது. அந்த நேரத்துல கீமோவால வெள்ளை அணுவும் குறைஞ்சிருக்கும், அப்ப போய் வயித்துல ஓட்டை போட்டா சீழ் பிடிக்கற ஆபத்து கூடுதல். மூக்கு வழியா போடற டியூப் ஒரு மாசம் போல தாங்கும், அப்பாவுக்கு அதுக்கு மேலயே தேவைப்படும் போலத் தெரியுது. அதே சமயம் எடை குறையாம நல்லா விழுங்கறவங்களுக்கும் வரிசையா டியூப் போடறதை நான் ஒத்துக்கமாட்டேன்.

வாயால சாப்பிட முடியாம போறதுக்குக் காரணம் டியூப் இல்ல, டியூப் இருக்கேன்னு விழுங்கறதையே நிறுத்திடறதுதான். வேலை செய்யாத தொண்டைத் தசை ரேடியேஷன்ல இறுகிப் போயிடும். அதனால இந்த ரெண்டு வாரத்துக்குள்ள ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட விழுங்கறதை சோதிக்கச் சொல்லுங்க, எந்த பதத்துல கொடுத்தா இருமல் வராதுன்னு அவங்க சொல்ற பதத்துல தினமும் கொஞ்சமாவது விழுங்கணும், பயிற்சியும் விடக்கூடாது. இன்னொண்ணு, பெக் போட்டாலும் எச்சில் நுரையீரலுக்குப் போறது நிக்காது, அது வேற பிரச்சனை.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திக் கேளுங்க, எந்த முறையில போடப் போறாங்கன்னு. வழக்கமான முறையில டியூப்பை வாய்வழியா தொண்டை தாண்டி இழுத்து வயித்துல வெளிய எடுப்பாங்க, அப்படி இழுக்கும்போது தொண்டையில இருக்கற கட்டியை உரசிட்டு வர்றதால ரொம்ப அபூர்வமா டியூப் வெளிய வர்ற இடத்துலயே கேன்சர் முளைச்சிருக்கு. வயித்துத் தோல் வழியா நேரா உள்ள தள்ளற முறையிலயும், ஸ்கேன் எக்ஸ்ரே பார்த்துப் போடற முறையிலயும் டியூப் கட்டி பக்கமே போகாது. வாய் சரியா திறக்காதவங்களுக்கும் கட்டி வழியை அடைச்சவங்களுக்கும் எப்படியும் எக்ஸ்ரே முறைதான். அப்பாவுக்கு அடிநாக்கு, அதனால கேட்டே ஆகணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாரான்னும் முன்னாடியே சொல்லிடுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

அடுத்தது எனக்கு எரிச்சல் வர்ற இடம். ரேடியேஷன் டாக்டர் ஒண்ணு சொல்லுவார், சர்ஜன் ஒண்ணு சொல்லுவார், டயட்டீஷியனை யாரும் கூப்பிடவே மாட்டாங்க, கடைசில கேஸ் ஷீட்ல "பெக் அட்வைஸ்டு"ன்னு ஒரே வரி. ஏன்னு எழுதற வழக்கமே இல்ல. நீங்க கேட்டு எழுத வைங்க: "ஒரு மாசத்துல 62லேர்ந்து 58 கிலோ, தண்ணிக்கு இருமல், ஏழு வாரம் கீமோவோட ரேடியேஷன். மூக்கு டியூப், காத்திருந்து பார்க்கறது, ரெண்டையும் பேசினோம், நோயாளி பெக்குக்கு சம்மதிச்சார். டியூப்பே பயன்படுத்தாம வாயால மட்டும் சாப்பிட்டு சில வாரம் எடை நிலையா இருந்தா எடுத்துடலாம்." இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுடாதீங்க, அது இல்லாததாலதான் எடுக்கலாமான்னு கேட்க ஆளில்லாம மாசக்கணக்கா டியூப்போட அலையறாங்க. அப்பாவுக்கு வேண்டாம்னா அதையும் காரணத்தோட எழுதணும், முடிவு அவரோடது, உங்களோடது இல்ல.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஒருத்தர் சிரிச்சுட்டே வந்து, இந்த டின் பவுடர்தான் டியூப்ல போடணும், மாச பேக்கேஜ் இருக்கு, வீட்டுக்கு நர்ஸும் அனுப்பறோம்னு சொல்வார். அவர் ஆஸ்பத்திரி ஆள் மாதிரியே இருப்பார், கமிஷன் ஆள். டயட்டீஷியன் எழுதிக் கொடுக்கற அளவு கையில வர்ற வரைக்கும் ஒரு டின்னும் வாங்காதீங்க. உணவு கொடுத்த பிறகு ஒவ்வொரு தடவையும் 30 மில்லி தண்ணி விட்டுக் கழுவுங்க, மாத்திரையைப் பொடிச்சுக் கலக்கறதுக்கு முன்னாடி பொடிக்கக் கூடிய மாத்திரைதானான்னு கேளுங்க.

முதல் நாலு வாரத்துக்குள்ள டியூப் உருவி வந்துட்டா நீங்களா திரும்ப உள்ள தள்ளாதீங்க. வழி இன்னும் பதிஞ்சிருக்காது, வயித்துக்குப் பதிலா குடலைச் சுத்தி இருக்கற இடத்துல போய் நின்னுடும், அதுல உணவு ஊத்தினா உயிருக்கே ஆபத்து. துணியால மூடி, டியூப்பையும் எடுத்துட்டு உடனே போட்ட இடத்துக்கே போங்க, தாமதிச்சா அந்த ஓட்டை சில மணி நேரத்துலயே சுருங்கிடும்.