மைனஸ் 0.46 வந்தது தவறா? ஒட்டுறவு பற்றிச் சில கேள்விகள்

ஆய்வறிக்கையை ஒப்படைக்கும் மாதம் நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே பக்கத்தைப் பற்றியவை: SPSS என்ற புள்ளியியல் மென்பொருள் தந்த Correlations அட்டவணை. இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை -1 முதல் +1 வரை சொல்லும் ஒட்டுறவுக் கெழு r அங்கேதான் இருக்கும். இம்முறை விலை உணர்வையும் வாங்கும் எண்ணத்தையும் ஒப்பிட்டவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மரச்செக்குக் கடலை எண்ணெய் வாங்க வந்த 120 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்தேன். விலை உணர்வுக்கும் வாங்கும் எண்ணத்துக்கும் r = -0.46 வந்தது. நேர்த்தொடர்பு வர வேண்டும் என்கிறார் வழிகாட்டி. எங்கே தவறினேன்?
*எம்.காம். மாணவி, ஈரோடு*

கணக்கில் தவறில்லை, பெயரில்தான் குழப்பம். நீங்கள் அனுப்பிய கேள்வித்தாளின் விலைப் பகுதியில் 'இந்த எண்ணெயின் விலை அதிகம்', 'என் குடும்பச் செலவுக்கு இது கட்டுப்படியாகாது' என்ற வகையில் நான்கு வாக்கியங்கள் இருக்கின்றன. 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்றால் 5. ஆக, உங்கள் அளவுகோலில் அதிக மதிப்பெண் பெற்றவர் விலை கூடுதல் என்று நினைப்பவர். அப்படி நினைப்பவரிடம் வாங்கும் எண்ணம் குறைவாக இருக்கிறது என்பதையே அந்தக் கழித்தல் குறி சொல்கிறது. உங்கள் வழிகாட்டியின் மனத்தில் இருப்பது 'விலை நியாயமானது' என்ற உணர்வாக இருக்க வேண்டும். ஒவ்வொரு விடையையும் 6-இலிருந்து கழித்துத் திருப்பிப் போட்டால் 5 என்பது 1 ஆகும், 4 என்பது 2 ஆகும், r = +0.46 ஆகும். அளவு அப்படியே இருக்கும், குறி மட்டும் மாறும். எனவே அறிக்கையில் 'விலை உணர்வு' என்று மொட்டையாக எழுதாதீர்கள். 'விலை அதிகம் என்ற உணர்வு' என்றோ 'விலை நியாயம் என்ற உணர்வு' என்றோ எழுதினால் குறி தானே விளங்கிவிடும்.

உண்மையான ஆபத்து வேறு. இரண்டு வாக்கியங்கள் 'நியாயம்' என்றும் இரண்டு 'அதிகம்' என்றும் இருந்து, திருப்பாமலே சராசரி எடுத்தால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். r பூச்சியத்தை நோக்கி நகரும். பல ஆண்டுகளுக்கு முன் நானே இதைச் செய்து, 'விலைக்கும் வாங்குவதற்கும் தொடர்பே இல்லை' என்று ஒரு கூட்டத்தில் கம்பீரமாக அறிவித்திருக்கிறேன். வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபாவை அன்று பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன். அது மிகக் குறைவாகவோ, கழித்தல் குறியோடோ வந்தால், திருப்ப மறந்த வாக்கியம் ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள்.

என் அட்டவணையில் 0.46-க்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரங்கள் இருக்கின்றன. 'மிக வலுவான தொடர்பு' என்று எழுதலாமா?
*அதே மாணவியின் இரண்டாவது கடிதம்*

நட்சத்திரங்கள் வலிமையைச் சொல்வதில்லை. அட்டவணைக்கு அடியிலேயே `Correlation is significant at the 0.01 level (2-tailed).` என்று இருக்கும். உண்மையில் தொடர்பே இல்லாத மக்கள்தொகையிலிருந்து இவ்வளவு பெரிய r தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்பதே அதன் பொருள். ஆள் எண்ணிக்கை கூடினால் அற்பமான r-க்கும் நட்சத்திரம் கிடைக்கும். 1000 பேர் இருந்தால் 0.08-க்குக்கூட ஒன்று விழும்.

மறுபுறமும் பாருங்கள். விளக்கத்துக்காக ஐந்தே பேர். 'விலை நியாயம்' மதிப்பெண் 1, 2, 3, 4, 5. அவர்களுடைய வாங்கும் எண்ணம் முறையே 2, 1, 4, 3, 5. இரண்டுக்கும் சராசரி 3. ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறார் என்று இரண்டிலும் பார்த்து, அந்த விலகல்களைப் பெருக்கிக் கூட்டினால் 2 + 2 + 0 + 0 + 4 = 8. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் இரண்டு பக்கமும் 10.

```
r = 8 / √(10 × 10) = 0.8
```

0.8 என்பது பெரிய எண். ஆனால் ஆள் ஐந்துதான் என்பதால் நட்சத்திரம் கிடைக்காது. வலிமை வேறு, தற்செயலா அல்லவா என்ற கேள்வி வேறு.

உங்கள் 0.46-ஐ ஜேக்கப் கோஹன் 1988-இல் தந்த அளவுகோலில் (0.10 சிறியது, 0.30 நடுத்தரம், 0.50 பெரியது) வைத்தால் நடுத்தரத்தின் மேல்பகுதியில் வருகிறது. 120 பேருக்கு அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 0.31 முதல் 0.59 வரை. இந்த இடைவெளியை எழுதுவதே நேர்மை. 'மிக' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் கேட்டது எண்ணெய் வாங்கக் கடைக்கு வந்தவர்களிடம் மட்டும். விலை கட்டுப்படியாகாது என்று உறுதியாக நினைப்பவர் அந்தக் கடைப் படியையே ஏறியிருக்க மாட்டார். இப்படி ஒரு முனை வெட்டுப்பட்டால் r பெரும்பாலும் குறைந்தே தெரியும். உங்கள் எண் வாங்க வந்தவர்களுக்கு உரியது, ஊருக்கு உரியதல்ல.

விடைகள் 1 முதல் 5 வரையிலான தரவரிசைதானே, வழக்கமான r ஆகிய பியர்சன் போடலாமா?

நான்கைந்து வாக்கியங்களின் சராசரி என்றால் போடலாம், பெரும்பாலோர் போடுகிறார்கள். ஒரே ஒரு வாக்கியம்தான் என்றால் தரவரிசையை வைத்துக் கணக்கிடும் ஸ்பியர்மன் போடுங்கள். இரண்டையும் போட்டுப் பார்த்து அவை பெரிதாக விலகினால், தரவுக்குள் போய்ப் பார்க்க வேண்டியது ஏதோ இருக்கிறது.

200 பேரிடம் கேட்டதில் எனக்கு r = 0.03. 'விலைக்கும் வாங்கும் எண்ணத்துக்கும் தொடர்பில்லை' என்று முடித்துவிட்டேன். சரிதானே?
*எம்.பி.ஏ. மாணவர், மதுரை*

சிதறல் படம் வரைந்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பியர்சனின் r நேர்க்கோட்டுத் தொடர்பை மட்டுமே அளக்கும். 'விலை மிக மலிவு' (1) முதல் 'விலை மிக அதிகம்' (5) வரை ஒரு அளவுகோல் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேரின் மதிப்பெண் 1, 2, 3, 4, 5. வாங்கும் எண்ணம் 1, 3, 5, 3, 1. மேலே செய்தபடி பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், சரியாகப் பூச்சியம் வரும். ஆனால் படத்தில் போட்டால் ஏறி இறங்கும் மலை பளிச்சென்று தெரியும். தொடர்பு இல்லாமல் இல்லை, வளைந்திருக்கிறது.

செக்கு எண்ணெய் போன்ற பொருளில் இது நடக்கக்கூடியதே. கடலை விற்கும் விலை வீட்டில் சமைப்பவருக்குத் தெரியும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டு கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியும். பருப்பு விலைக்கும் கீழே எண்ணெய் கிடைத்தால் 'பாமாயில் கலந்திருப்பான்' என்ற சந்தேகம் வரும். அங்கே மலிவு என்பதே குறை. விலையைத் தரத்தின் அடையாளமாகவும் மக்கள் பார்க்கிறார்கள் என்பது சந்தையியலில் பழைய செய்தி. லிக்டன்ஸ்டீன், ரிட்ஜ்வே, நெட்மேயர் மூவரும் 1993-இல் எழுதிய கட்டுரையில் விலை உணர்வை ஏழு கூறுகளாகப் பிரித்தார்கள். அவற்றில் ஐந்து விலையைச் சுமையாகப் பார்ப்பவை. இரண்டு, விலை உயர்ந்தால் தரமும் மதிப்பும் உயரும் என்று பார்ப்பவை. உங்கள் 200 பேரில் இரு வகையினரும் பாதிப் பாதி இருந்தாலும் மொத்த r பூச்சியத்துக்கு அருகில் வரலாம். பிரித்துப் பார்த்தால் ஒரு குழுவில் கழித்தல், மற்றதில் கூட்டல்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் படத்தில் புள்ளிகள் வெறும் மேகமாகவே நின்றால், 'நேர்க்கோட்டுத் தொடர்பு காணப்படவில்லை' என்று எழுதுங்கள்.

'விலை நியாயமானது என்ற உணர்வு வாங்கும் எண்ணத்தை 21 சதவீதம் உயர்த்துகிறது' என்று எழுதியதற்கு வாய்மொழித் தேர்வில் திட்டு வாங்கினேன். எனக்கும் 120 பேர், r = 0.46. அதன் வர்க்கம் 0.21 தானே?
*முன்னாள் மாணவர், திருச்சி*

வர்க்கம் சரி. 'உயர்த்துகிறது' என்ற வினைச்சொல்லுக்குத்தான் திட்டு. 0.21 சொல்வது இவ்வளவே: வாங்கும் எண்ணத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் ஏற்றத்தாழ்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, விலை உணர்வின் ஏற்றத்தாழ்வோடு சேர்ந்து போகிறது. எது எதை இழுக்கிறது என்பது அந்த எண்ணில் இல்லை. r-க்கு முன்பின் தெரியாது. எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்றிப் போட்டாலும் அதே 0.46 வரும்.

எதிர்த் திசையை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பல ஆண்டுகளாக அதே செக்கில் வாங்குகிறார், இனியும் வாங்கத்தான் போகிறார். 'விலை நியாயமா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் சொல்வார். மாதா மாதம் ஏமாறுகிறேன் என்று யார் ஒப்புக்கொள்வார்? இங்கே வாங்கும் பழக்கம்தான் விலை உணர்வைப் பிறப்பிக்கிறது.

மூன்றாவது ஆள் ஒருவரும் இருக்கலாம். செக்குக்காரர் மேல் உள்ள நம்பிக்கை என்று வைத்துக்கொள்வோம். நம்பிக்கைக்கும் விலை உணர்வுக்கும் 0.60, நம்பிக்கைக்கும் வாங்கும் எண்ணத்துக்கும் 0.55 என்று வந்தால் (இவை விளக்கத்துக்கான எண்கள்), நம்பிக்கையை விலக்கிய பகுதி ஒட்டுறவு இது:

```
(0.46 - 0.60×0.55) / √((1 - 0.60²)(1 - 0.55²)) = 0.19
```

0.46 எங்கே, 0.19 எங்கே! விலைக்குரியது என்று நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி நம்பிக்கையோடு பின்னிக் கிடந்திருக்கிறது. வருமானத்தை விலக்கினால் வேறோர் எண் வரும். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை எந்தச் சூத்திரமும் விலக்காது.

இதோடு ஒரே தாள் என்ற சிக்கலும் உண்டு. இரண்டு பகுதிகளையும் ஒரே ஆள், ஒரே உட்காரலில், ஒரே பேனாவால் நிரப்புகிறார். எல்லாவற்றுக்கும் 4 போடும் நல்ல மனிதர்களும், எல்லாவற்றுக்கும் 2 போடும் சலிப்புக்காரர்களும் கலந்திருந்தால் அதுவே ஒரு நேர்த்தொடர்பை உண்டாக்கிவிடும்.

காரணம் என்று சொல்லியே ஆக வேண்டுமானால் விலையை நீங்கள் மாற்ற வேண்டும். ஒரே புட்டியின் படத்தில் இரண்டு விலைகளை அச்சிட்டு, யாருக்கு எந்தத் தாள் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, இரு குழுக்களின் வாங்கும் எண்ணத்தை ஒப்பிடுங்கள். குலுக்கலில் நம்பிக்கையும் வருமானமும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழும். அப்போதும் நீங்கள் அளப்பது எண்ணத்தையே, கல்லாவில் விழுந்த பணத்தை அல்ல.

இருக்கும் தரவை வைத்து இப்படி எழுதுங்கள்: 'விலை நியாயமானது என்று கருதியவர்களிடம் வாங்கும் எண்ணமும் கூடுதலாகக் காணப்பட்டது (r = 0.46, n = 120).' 'காணப்பட்டது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் தேர்வாளர் வேறு கேள்விக்குப் போய்விடுவார்.

அப்படியானால் ரிக்ரஷன் போட்டுக் காட்டினால் காரணம் ஆகிவிடுமா?

விலை உணர்வு ஒன்றை மட்டும் உள்ளே போட்டால், Standardized Coefficients என்ற பத்தியில் வரும் பீட்டாவைப் பாருங்கள். அதே 0.46 இருக்கும். Sig. மதிப்பும் அதேதான். ஒரே கணக்கை இரண்டு பக்கங்களில் அச்சிட்டிருப்பீர்கள்.