கன்னடம் தெரியுமா என்று கேட்கிறார்கள், என்ன சொல்வது?

ஓசூரில் ஒரு நகைக்கடன் கம்பெனிக் கிளையில் வாடிக்கையாளர் சேவை வேலைக்கு விண்ணப்பித்தேன். எச்.ஆரிலிருந்து ஒருமுறை போன் வந்தது. விளம்பரத்தில் ‘கன்னடம் சரளமாகத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று இருக்கிறது. எங்கள் வீட்டில் தெலுங்குதான். கன்னடம் கேட்டால் புரியும், தட்டுத்தடுமாறிப் பேசுவேன், எழுதப் படிக்கத் தெரியாது. ஓசூர் தமிழ்நாடுதானே, கன்னடம் நிஜமாகவே தேவையா என்று எச்.ஆரிடம் கேட்கலாமா? கேட்டால் கழித்துவிடுவார்களா?
– ம., பர்கூர்

தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ‘நிஜமாகவே தேவையா’ என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எதிரே இருப்பவர் விளம்பரத்தைப் பார்த்து ‘ஆமாம், தேவை’ என்று சொல்லிவிடுவார். உங்களுக்கு அந்த மொழி வராது என்றும் குறித்துக்கொள்வார். அதோடு பேச்சு முடிந்துவிடும். கவுன்டரில் அந்த மொழியை வைத்து என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று கேட்டால், அவர் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த ஒரு வரி விளம்பரத்துக்குள் வந்ததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, கிளைக்கு வருகிறவர்கள். தளி, தேன்கனிக்கோட்டை, பாகலூர், பேரிகைப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழியாக இருக்கும் குடும்பங்கள் ஏராளம். நகையை எடுத்துக்கொண்டு ஓசூருக்கு வரும்போது அவர்கள் பேச்சைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டா வருவார்கள்? இன்னொன்று, ஆளெடுப்பு பெங்களூரு அலுவலகத்திலிருந்து நடந்தால், ஓசூரையும் அத்திப்பள்ளி, ஆனேக்கல் கிளைகளையும் சேர்த்து ஒரே விளம்பரமாகப் போட்டிருப்பார்கள். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. ஆறு மாதம் கழித்து உங்களை அங்கே மாற்றினாலும் வேலைக்கு ஆக வேண்டும் என்று பார்த்திருக்கலாம். முதல் காரணம் என்றால் உங்கள் தெலுங்கும் அரைகுறைக் கன்னடமும் அங்கே நல்ல சரக்கு. இரண்டாவது என்றால் எழுத்து தெரியாதது நாளைக்கு இடறும். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அதனால்தான்.

பேசுவதற்கும் படிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த வேலையில் ரொம்பப் பெரியது. 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகச் சில்லறைக் கடன் கொடுக்கும்போது, வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும், விளக்கிச் சொல்லி ஒப்புதலும் வாங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2025 ஜூனில் வந்த தங்க, வெள்ளி அடமானக் கடன் விதிகளில், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு முக்கிய நிபந்தனைகளை ஒரு சாட்சியின் முன்னால் விளக்க வேண்டும், அந்தச் சாட்சி கம்பெனி ஊழியராக இருக்கக் கூடாது என்றும் இருக்கிறது. கன்னடத் தாளைப் படித்துச் சொல்ல அந்தக் கிளையில் வேறு ஒருவர் இருந்தால் நீங்கள் பேசினால் போதும். இல்லையென்றால், அந்த வேலைக்குத்தான் உங்களைத் தேடுகிறார்கள்.

நான் கிளையில் இருந்த காலத்தில் ஒன்று நடந்தது. புதிதாகச் சேர்ந்த பையன், நேர்காணலில் ‘கன்னடம் நல்லா வரும் சார்’ என்று சொல்லிவிட்டு வந்தவன். ஒரு நாள் காலை வயதான அம்மா ஒருவர் இரண்டு வளையல்களைத் துணியில் முடிந்துகொண்டு வந்தார். வட்டியை ‘பட்டி’ என்றார், நகையை ‘ஒடவெ’ என்றார். நம் சொற்களுக்குப் பக்கத்து வீட்டுச் சொற்கள், பையன் சமாளித்துவிட்டான். கடைசியில் அந்த அம்மா, “ஹராஜு ஆகுத்தா?” என்று கேட்டார். பையனுக்கு அந்தச் சொல் தெரியாது. தலையை ஆட்டி “ஹௌது, ஹௌது” என்றான். ஹராஜு என்றால் ஏலம். கட்டத் தவறினால் ஏலம் போய்விடுமா என்று பயந்து கேட்டவருக்கு, ஆமாம் ஆமாம் என்று பதில் கிடைத்தது. எடை போட்டு வைத்திருந்த வளையல்களைத் தட்டிலிருந்து வாரி எடுத்துக்கொண்டு அழுதபடியே போய்விட்டார். தவணை எவ்வளவு, முன்னறிவிப்பு எப்படி வரும் என்று எதுவுமே அவருக்குச் சொல்லப்படவில்லை. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. அவனிடம் குறையாக இருந்தது நாலைந்து சொற்கள்தான். தெரியாது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் வந்து பேசியிருப்பார்.

ஆகவே உங்கள் நிலையை உள்ளபடி சொல்லியே கேளுங்கள். ஏற்கெனவே ஒருமுறை போனில் பேசியிருக்கிறார்கள், நேர்காணல் தேதி வருவதற்கு முன்னால் கேட்பது நல்லது. வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்:

“வணக்கம் சார். ஓசூர் கிளை வேலைக்கு நீங்கள் பேசிய பர்கூர் ம. எனக்குத் தமிழும் தெலுங்கும் சரளம். கன்னடம் கேட்டால் புரியும், தட்டுத்தடுமாறிப் பேசுவேன், எழுத்து தெரியாது. கவுன்டரில் கன்னடம் பேசினால் போதுமா, படிவங்களைப் படித்துச் சொல்லவும் வேண்டுமா? வேலை ஓசூருக்கு மட்டுமா, கர்நாடகக் கிளைகளுக்கும் மாற்றுவீர்களா? கிளை மேனேஜரிடம் கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். போன் செய்தவர் கன்சல்டன்ஸி ஆளாக இருந்தால், அந்தக் கிளைக்குள் அவர் கால் வைத்தே இருக்க மாட்டார். சரியான பதில் மேனேஜரிடம்தான் இருக்கும்.

‘பேசினால் போதும், எழுத்து வேண்டாம்’ என்று வந்தால் தைரியமாகப் போங்கள். ‘தெரிந்தால் நல்லது’ என்று வந்தால் அது கட்டாயம் இல்லை, ஆனால் உங்களுக்குச் சமமான இன்னொருவருக்குக் கன்னடம் வந்தால் அவரைத்தான் எடுப்பார்கள். ‘மேனேஜ் பண்ணிக்கலாம்மா, வாங்க’ என்று மழுப்பினால், மாற்றல் பற்றிய கேள்வியை மட்டும் மறுபடி கேளுங்கள். அதற்கு எழுத்தில் பதில் வராவிட்டால், வேலை உத்தரவில் பணியிடம் என்று என்ன போட்டிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். மொழிச் சான்றிதழுக்குப் பணம் கட்டச் சொன்னால் அந்த எண்ணைத் தடுத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். பாரத ஸ்டேட் வங்கி எழுத்தர் வேலைக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலத்தின் மொழி தெரிந்திருக்க வேண்டும். பத்தாம் அல்லது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அந்த மொழி இல்லையென்றால் தனியாகத் தேர்வு வைப்பார்கள், அதில் தேறாதவரை எடுக்க மாட்டார்கள். அங்கே யாரிடம் கேட்டும் பயனில்லை. நீங்கள் கேட்பது தனியார் கம்பெனி, அதனால் பேச இடம் இருக்கிறது.

எச்.ஆர். பதில் வருவதற்குள் ஒரு நாள் காலை பஸ் பிடித்து ஓசூர் போய் வாருங்கள். அந்தக் கிளையில் நகைக்கடன் வட்டி விசாரிக்கிறேன் என்று அரைமணி நேரம் உட்காருங்கள். வருகிறவர்களில் எத்தனை பேர் கன்னடத்தில் கேட்கிறார்கள், கவுன்டரில் இருப்பவர் எந்த மொழியில் பதில் சொல்கிறார், தடுமாறினால் யாரைக் கூப்பிடுகிறார் என்று கவனியுங்கள். காதில் விழுகிற சொற்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள், முதலில் ஹராஜுவை எழுதுங்கள். நேர்காணலில் மேனேஜர் திடீரென்று கன்னடத்துக்கு மாறிப் பேசிப் பார்ப்பது வழக்கம். அப்போது புரியாத சொல் வந்தால், “கொத்தில்லா சார், இன்னொம்மெ ஹேளி” என்று சொல்லுங்கள். தெரியாது, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அர்த்தம்.