ஒரே பில், மூன்று வழியில் பணம்: கணக்கில் எப்படி எழுதுவது?

கேள்வி: வாடிக்கையாளர் ஒரு பில்லுக்குக் கொஞ்சம் ரொக்கம், கொஞ்சம் கார்டு, மீதி வாலெட் என்று கொடுக்கிறார். நான் ஸ்ப்ரெட்ஷீட்டில் அதை மூன்று வரியாகப் பிரித்து எழுதுகிறேன், ஒவ்வொரு வரியிலும் பில் எண்ணும் பில் தொகையும் இருக்கும். மாதக் கடைசியில் விற்பனை உண்மையைவிட அதிகமாகக் காட்டுகிறது. கல்லாவிலோ பணம் குறைகிறது. சரியாகப் பிரிப்பது எப்படி?

பதில்: பில்லைப் பிரிக்காதீர்கள், வரவை மட்டும் பிரியுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளும் வேறு வேறு இடத்திலிருந்து வருபவை. முதலாவது, பில் தொகையை மூன்று தடவை எழுதுவதால் வருவது. இரண்டாவது, எனக்குத் தெரிந்தவரை, ரொக்க வரியில் வருவது.

ஒரு பில்லை எடுத்துப் பார்ப்போம். எண் 2051, மொத்தம் 1,840. வாடிக்கையாளர் வாலெட்டில் 340, கார்டில் 1,000 கொடுத்துவிட்டு, பாக்கிக்கு 600 ரொக்கமாக நீட்டுகிறார். நீங்கள் 100 மீதி கொடுக்கிறீர்கள். உங்கள் முறையில் இது மூன்று வரி, மூன்றிலும் 1,840. அந்தப் பத்தியைக் கூட்டினால் 5,520 விற்றதாக ஆகிவிடும். விற்றது ஒரே தடவைதான். பணம் வந்த வழிதான் மூன்று.

அதனால் இரண்டு ஷீட் வையுங்கள். ஒன்றுக்கு 'பில்' என்று பெயர்: பில் எண், தேதி, மொத்தத் தொகை, விற்பனை வரி. ஒரு பில்லுக்கு இங்கே ஒரே வரிதான், எத்தனை வழியில் பணம் வந்தாலும். இன்னொன்று 'வரவு': பில் எண், தேதி, வகை, தொகை, குறிப்பு எண், நிலை, அப்புறம் ரொக்கத்துக்கு மட்டும் 'கொடுத்தது', 'மீதி' என்று இரண்டு பத்தி. மேலே சொன்ன பில்லுக்கு வரவு ஷீட் இப்படி இருக்கும் (தேதியை இங்கே விட்டிருக்கிறேன்):

```
பில்எண், வகை, தொகை, குறிப்புஎண், நிலை, கொடுத்தது, மீதி
2051, வாலெட், 340, (பரிவர்த்தனை எண்), முடிந்தது, ,
2051, கார்டு, 1000, (ஒப்புதல் எண்), முடிந்தது, ,
2051, ரொக்கம், 500, , முடிந்தது, 600, 100
```

பில் தொகை வரவு ஷீட்டில் எங்கேயும் வரவே கூடாது. விற்பனை வரியும் அப்படித்தான். சிலர் அந்த வரியையும் மூன்று வரவுக்கும் பங்கு போட்டு எழுதுவார்கள், வேலை மெனக்கெட்டு. வரி பொருளின் மேல் விழுவது. ரொக்கத்துக்கு இவ்வளவு வரி, கார்டுக்கு இவ்வளவு என்று ஒன்று கிடையாது. பங்கு போட்டால் பைசா வேறு உதிரும். 100 வரியை மூன்றாக வகுத்தால் 33.33 வரும், அதைத் திரும்பக் கூட்டினால் 99.99தான். விற்பனை எவ்வளவு, வரி எவ்வளவு என்ற கேள்விக்கெல்லாம் பில் ஷீட்டைக் கேளுங்கள். கார்டில் எவ்வளவு வந்தது, கல்லாவில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு வரவு ஷீட்டைக் கேளுங்கள்.

இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க பில் ஷீட்டில் ஒரு பத்தி சேருங்கள். பில் ஷீட்டில் A பில் எண், C மொத்தம். வரவு ஷீட்டில் A பில் எண், D தொகை, F நிலை என்று வைத்துக்கொண்டால், சூத்திரம் இது:

```
=C2-SUMIFS('வரவு'!D:D,'வரவு'!A:A,A2,'வரவு'!F:F,"முடிந்தது")
```

ஒவ்வொரு பில்லுக்கும் இது சுழியம் காட்ட வேண்டும். கூட்டல் எண் வந்தால் பணம் இன்னும் வர வேண்டியிருக்கிறது, அல்லது ஒரு வரவை எழுத மறந்திருக்கிறீர்கள். கழித்தல் எண் வந்தால் வாங்கியதைவிட அதிகமாக எழுதியிருக்கிறீர்கள்.

இனி ரொக்கம். வாடிக்கையாளர் நீட்டியது 600. ஆனால் கடைக்கு வந்தது 500. தொகைப் பத்தியில் 500தான் போக வேண்டும், 600ம் 100ம் பக்கத்துப் பத்திகளில் நினைவுக்காக இருக்கட்டும். காலையில் கல்லாவில் 2,000 வைத்துத் தொடங்கினீர்கள், நாள் முழுக்க ரொக்க வரவு 7,450 என்றால், இரவு 9,450 இருக்க வேண்டும். 2051க்கு மட்டும் 600 என்று எழுதியிருந்தால் கணக்கு 9,550 கேட்கும், எண்ணினால் 100 குறையும். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் இப்படித் தினமும் குறைந்து, கல்லாவில் உட்கார்ந்திருந்த பையன் மேல் பல வாரம் சந்தேகம். கடைசியில் பிரித்துக் கொடுத்த பில்களை மட்டும் தனியே எடுத்து மீதியைக் கூட்டினோம். குறைந்த தொகை அச்சு அசலாக அதுவே. பாவம், அந்தப் பையன் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தான்.

வாங்குகிற வரிசைக்கும் இதில் பங்கு உண்டு. முதலில் வாலெட், அப்புறம் கார்டு, கடைசியில் ரொக்கம் என்று வாங்குங்கள். கார்டு மறுக்கப்படலாம், வாலெட்டில் இருப்பு போதாமல் போகலாம். அவை முடிந்த பிறகு எவ்வளவு பாக்கி என்று உறுதியாகத் தெரியும், அந்தப் பாக்கிக்குத்தான் ரொக்கம். மாற்றிச் செய்தால், ரொக்கத்தை வாங்கி மீதியும் கொடுத்தபின் கார்டு தேறாமல் போய், கொடுத்த நோட்டைத் திரும்பக் கேட்கிற நிலை வரும். மீதி என்பது ரொக்க வரியில் மட்டும்தான் இருக்க வேண்டும். கார்டில் பில்லைவிடக் கூடுதலாகத் தேய்த்துவிட்டு வித்தியாசத்தை ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம்.

தேறாமல் போன கார்டு முயற்சியையும் ஒரு வரியாக எழுதலாம், நிலையில் 'தோல்வி' என்று. சூத்திரம் 'முடிந்தது' என்றிருப்பதை மட்டும் கூட்டுவதால் கணக்கைக் கெடுக்காது. 'என் கணக்கில் கழிந்துவிட்டதே' என்று மறுநாள் வாடிக்கையாளர் வந்து நின்றால் பதில் சொல்ல அந்த வரி உதவும். வாலெட் திரையில் சுற்றிக்கொண்டே இருந்தால் 'நிலுவை' என்று போடுங்கள். அவர் போனில் காட்டும் பச்சைக் குறியை வைத்து அதை 'முடிந்தது' ஆக்காதீர்கள், உங்கள் பக்கத்துக் கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகே மாற்றுங்கள்.

கார்டு வரியில் இன்னொரு பொறி. 1,000 தேய்த்தீர்கள், வங்கியில் 985 வந்து விழுகிறது, கமிஷன் 15 போக. அதைப் பார்த்துக் கார்டு வரியை 985 ஆகத் திருத்தினால் பில் 15 பாக்கி என்று காட்டும். வாடிக்கையாளரோ முழுசாகக் கொடுத்துவிட்டார். வரவு 1,000 ஆகவே இருக்கட்டும், 15 ஐத் தனியே செலவில் எழுதுங்கள். வங்கியில் வருவதும் பில் பில்லாக வராது, பல கார்டு வரவுகள் ஒரே தொகையாகச் சேர்ந்து, பெரும்பாலும் அடுத்த நாளோ அதற்கப்புறமோ வரும். மெஷினில் அன்றைய கணக்கை முடித்த பிறகு தேய்த்த கார்டுகள் அடுத்த தொகுப்பில்தான் சேரும். ஆகவே ஒரு நாள் கார்டு வரவை அதே தேதி வங்கி வரவோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் ஒத்துவராது. மெஷின் தரும் தொகுப்பு மொத்தத்தோடு முதலில் ஒப்பிடுங்கள், அந்தத் தொகுப்பை வங்கியோடு அப்புறம். வாலெட்டும் இதே மாதிரிதான்.

வாலெட் நிறுவனம் வாடிக்கையாளருக்குத் தருகிற கேஷ்பேக் உங்கள் கணக்கில் வராது, உங்களுக்கு 340 முழுதாக வந்தால் 340தான் வரவு. நீங்களே கொடுத்த தள்ளுபடிக் கூப்பன் வேறு விஷயம். அது பணம் வந்த வழி அல்ல, பில்லின் மொத்தத்தையே குறைப்பது. அதை வரவு ஷீட்டில் நாலாவது வகையாகப் போட்டால் வராத பணம் வந்ததாகிவிடும்.

பொருள் திரும்பி வரும்போதுதான் பிரித்து எழுதியதன் அருமை தெரியும். 2051இல் 600 பெறுமான பொருளைத் திருப்புகிறார் என்று வைப்போம். பழைய வரிகளை அழிக்கவோ திருத்தவோ வேண்டாம். பில் ஷீட்டில் புது எண்ணில் ஒரு திருப்புப் பில், 2098 என்று, மொத்தம் −600, விற்பனை வரியும் அதற்கேற்பக் கழித்தலில். வரவு ஷீட்டில் 2098க்கு கார்டு −600, நிலை 'முடிந்தது', குறிப்பில் '2051 கார்டு வரவுக்கு எதிர்' என்று. மேலே போட்ட சூத்திரம் இரண்டு பில்லுக்கும் சுழியமே காட்டும்.

ஏன் கார்டு? அந்தக் கார்டில் 1,000 வந்திருக்கிறது, 600 ஐ அதற்குள்ளேயே திருப்பிவிடலாம். எந்த வழியில் வந்ததோ அந்த வழியில், அதில் வந்த தொகைக்கு மேல் போகாமல் திருப்புவதுதான் முறை. கார்டில் வாங்கியதை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தால் ஒரு ஆபத்து இருக்கிறது. அவர் பின்னால் வங்கியில் போய் அந்தக் கார்டுத் தொகையை மறுத்துப் புகார் செய்தால், நீங்கள் ரொக்கமாகக் கொடுத்ததற்கு மெஷினில் எந்தச் சுவடும் இருக்காது. இரண்டு தடவை கொடுத்தது போல ஆகும். திருப்புவது 1,200 என்றால் கார்டில் 1,000 வரைதான் போகும், மிச்சம் 200 ஐ வாலெட்டிலோ ரொக்கத்திலோ இன்னொரு வரியாக எழுதுங்கள்.

ஏற்கெனவே எழுதிவைத்த இந்த மாதக் கணக்கை இப்படிச் சரிசெய்யலாம். இருக்கிற ஷீட்டை இரண்டு நகல் எடுங்கள். ஒரு நகலில் வகை, வரவுத் தொகை பத்திகளை நீக்கிவிட்டு, பில் எண்ணை வைத்து நகல் வரிகளை நீக்கும் வசதியை ஓட்டினால் அது பில் ஷீட். இன்னொன்றில் பில் தொகைப் பத்தியை நீக்கிவிட்டு, நிலைப் பத்தி சேர்த்து எல்லாவற்றுக்கும் 'முடிந்தது' போடுங்கள், அது வரவு ஷீட். பத்தி எழுத்துகளைச் சூத்திரத்தோடு ஒத்துவைத்து ஓட்டுங்கள். சுழியமாக இல்லாத பில்களை மட்டும் காகிதப் பில்லோடு பாருங்கள். கழித்தலில் நிற்பவற்றில் ரொக்க வரி இருந்தால், அந்த வித்தியாசம் அநேகமாக அன்று கொடுத்த மீதியாகத்தான் இருக்கும்.