ஒரே பருவத்தில் இரண்டு பட்டமா? சுங்கை சிப்புட் பெற்றோரின் கேள்விகள்

(கல்லூரிப் பதிவகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள்.)

என் மகளுக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து அஞ்சல்வழியில் பி.ஏ. தமிழும் படிக்கலாமா, சார்?

மணிக்கணக்கைப் பாருங்கள், அம்மா. நம் மலேசியாவில் ஒரு கிரெடிட்டுக்கு மாணவர் 40 மணி நேரம் உழைக்க வேண்டும். வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். பருவத்துக்கு 18 கிரெடிட் என்றால் 720 மணி. தேர்வோடு 18 வாரம் என்று வைத்தால் வாரம் 40 மணி. அஞ்சல்வழிப் படிப்பு இதில் பாதிச் சுமைதான் என்றாலும் வாரம் 60 மணி ஆகிவிடும்.

கெட்டிக்காரப் பெண் சமாளிப்பாள். ஆனால் இத்தனை மணி நேரம் உண்மையில் படித்தாள் என்பதற்குத்தான் சான்றிதழ். ஒரே வாரங்களுக்கு இரண்டு சான்றிதழ் வந்தால், ஒன்றில் படிக்காமலே தேறினாளோ என்ற சந்தேகம் எழும். கண்காணிப்பு அமைப்புகள் தயங்குவது இதனால்தான். அவள் பல்கலைக்கழகத்தின் கல்வி விதிகளில், வேறிடத்தில் பதிவதைப் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். அனுமதியில்லாமல் பதிந்தால் இருக்கும் இடமே போகலாம்.

2022இல் இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அனுமதித்துவிட்டதே, பிறகென்ன தடை?

பாதி சரி, தம்பி. அந்த ஆண்டு ஏப்ரலில், ஒரு நேரடிப் படிப்போடு ஒரு தொலைநிலைப் படிப்பையும் படிக்கலாம் என்றார்கள். முனைவர் பட்டத்துக்கு இது பொருந்தாது. ஆனால் யு.ஜி.சி.யின் சொல் இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு. அந்தப் பெண் பதிவது இங்கே. தமிழ்நாட்டுக் கதவு திறந்திருப்பதால் இந்தக் கதவு திறந்துவிடாது.

நான் விடியற்காலையில் பால்மரம் வெட்டிவிட்டு இரவில் அஞ்சல்வழி படித்தவன். எனக்கு யாரும் தடை சொல்லவில்லையே?

ஐயா, நீங்கள் பட்ட பாட்டுக்கு வணக்கம். ஆனால் அது வேலையும் படிப்பும், பதிவு ஒன்றுதான். இங்கே சிக்கல் இரண்டு பதிவு.

இரண்டு இடத்திலும் வேறு வேறு கணினி. யார் கண்டுபிடிப்பார்?

படிப்பவரே காட்டிக்கொடுப்பார். என் மேசைக்கு ஒரு பையன் வந்தான். எங்கள் தேர்வும் அவனுடைய அஞ்சல்வழித் தேர்வும் ஒரே காலையில் விழுந்திருந்தன. மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு இங்கே வராமல் இருந்துவிட்டான். பிறகு வேலை விண்ணப்பத்துக்காக இரண்டு மதிப்பெண் பட்டியலையும் ஒரே கோப்பில் பின்குத்தி, சரிபார்க்கச் சொல்லி நீட்டினான். இரண்டிலும் அதே மாதம், அதே ஆண்டு.

அப்படியானால் என் மகள் என்ன செய்வது, சார்?

கணக்கியலில் பதிந்துவிட்டு, தமிழுக்கு அனுமதி கேட்டுப் புலத்துக்கு எழுத்தில் விண்ணப்பிக்கட்டும். பதிலும் எழுத்தில் வரட்டும். முகப்பில் ஒருவர் தலையாட்டியது போதாது. மறுத்தால் மூன்றாண்டோ நான்காண்டோ கழித்துத் தமிழ். எப்போது படித்தாலும், அந்தப் பட்டத்தை இங்கே அரசாங்க வேலைக்கு ஏற்பார்களா என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

அதுவரை அவளுக்குத் தமிழ் ஆசை இருக்குமா?

அதை நீங்கள் அவளிடம்தான் கேட்க வேண்டும், அம்மா.