எதிராளியின் செலவுக்குக் ‘கொஞ்சம் கீழே’ என்றால் எவ்வளவு கீழே?

கேள்வி: நிறுவனங்கள் விலையை வைத்தே மோதும் பெர்ட்ராண்ட் போட்டியில் செலவு குறைந்த நிறுவனம் p = c₂ − ε என்று, அதாவது எதிராளியின் செலவான c₂-வுக்கு ε அளவு மட்டும் கீழே, விலை வைக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்த ε எவ்வளவு? ஏன் தன் சொந்தச் செலவு வரைக்கும் விலை இறங்குவதில்லை?

எம்.ஏ. மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைப் பல வருடமாக எடுக்கிறேன். ε எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஓர் ஊரில் கேன் தண்ணீர் விற்கும் இரண்டே நிறுவனங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் வித்தியாசம் இல்லை. விலை குறைந்த இடத்தில்தான் எல்லோரும் வாங்குவார்கள். விலை சமமானால் ஆளுக்குப் பாதி. ஒரு நாள் தேவை Q = 100 − p. ஒரு கேனுக்கு முதல் நிறுவனத்தின் இறுதிநிலைச் செலவு 20 ரூபாய், இரண்டாவதற்கு 40 ரூபாய். எத்தனை கேன் கேட்டாலும் இரண்டாலும் கொடுக்க முடியும்.

செலவு சமமாக இருந்தால் விலை ஏன் செலவு வரை இறங்குகிறது? ஒருவர் குறைக்க, மற்றவர் அதற்கும் கீழே போக, இருவருக்கும் இறங்க இடம் இருக்கும்வரை அது நிற்காது. இங்கே 40-க்குக் கீழே இறங்க ஒருவருக்குத்தான் இடம் இருக்கிறது. இரண்டாமவர் 39-க்கு விற்றால் கேனுக்கு ஒரு ரூபாய் நட்டம். துரத்த ஆள் இல்லாத இடத்தில் முதலாமவர் எதற்காக 20 வரை ஓட வேண்டும்? விலையைத் தீர்மானிப்பது ஒரு கேன்கூட விற்காத இரண்டாமவரின் செலவுதான். அவர் செலவு நாளை 30 ஆனால், அப்போதும் அவர் எதுவும் விற்கமாட்டார். ஆனால் விலை 30-ஐ ஒட்டி வந்துவிடும், முதலாமவரின் லாபம் ஏறக்குறைய 1200-லிருந்து 700-க்கு விழும்.

இப்போது ε. முதலாமவர் 39 வைத்தால் லாபம் 19 × 61 = 1159. 39.50 வைத்தால் 1179.75. 39.99-க்கு 1199.60. 40-ஐ நெருங்க நெருங்க லாபம் 1200-ஐ நோக்கி ஏறுகிறது. 40-ஐத் தொட்டவுடன் சந்தை பாதியாகப் பிரிந்து 600 ஆகிவிடுகிறது. ஆக, நீங்கள் எந்த ε சொன்னாலும் அதைவிடச் சிறியது மேலானது. எதிராளி 40-இல் நிற்கும்போது முதலாமவருக்கு ‘மிகச் சிறந்த விலை’ என்று ஒன்று கிடையாது. ஒவ்வொருவரின் விலையும் மற்றவரின் விலைக்குச் சிறந்த பதிலாக இருப்பதுதான் நாஷ் சமநிலை; சிறந்த பதிலே இல்லாத இடத்தை அப்படி எழுத முடியாது. c₂ − ε என்பது ஒரு சுருக்கெழுத்து, அவ்வளவுதான். ‘விலை சமமானால் எல்லோரும் செலவு குறைந்தவரிடமே வாங்குவார்கள்’ என்று சில புத்தகங்கள் ஒரு விதியைச் சேர்த்து, 40 என்றே முடித்துவிடுகின்றன. வாங்குபவருக்கு விற்பவரின் செலவு எப்படித் தெரியும் என்பதால் எனக்கு அது மனநிறைவு தருவதில்லை.

விலையை முழு ரூபாயில்தான் வைக்க முடியும் என்றால் சிக்கல் தீர்கிறது. முதலாமவர் 39, இரண்டாமவர் 40 என்பது சமநிலை. முதலாமவர் 40, இரண்டாமவர் 41 என்பதும் சமநிலைதான். நான் இரண்டாவதையே ஏற்கிறேன். இரண்டாமவருக்கு 40-க்கு விற்றால் எப்போதும் பூஜ்யம். 41 வைத்தால் ஒருபோதும் நட்டமில்லை, சில நேரம் லாபமும் வரலாம். அப்படியிருக்க 40-இல் நிற்க அவருக்குக் காரணமில்லை. அப்போது விலை சரியாக 40. ε தேவைப்படவே இல்லை.

விலை எந்தப் பின்னமாகவும் இருக்கலாம் என்றாலும் வழி உண்டு. பொருளியலாளர் ஆண்ட்ரியாஸ் ப்ளூம் 2003-இல் காட்டியது இது: முதலாமவர் சரியாக 40 வைக்கட்டும், இரண்டாமவர் 40-க்கும் 50-க்கும் இடையே ஏதோ ஒரு விலையைச் சம வாய்ப்பில் தேர்ந்தெடுக்கட்டும். இருவர் விலையும் சமமாகும் வாய்ப்பு பூஜ்யம். முதலாமவர் ஆசைப்பட்டு 45-க்கு ஏறினால், 25 × 55 = 1375 கிடைப்பது பாதி வாய்ப்பில்தான். சராசரி 687.50, 40-இல் உறுதியாகக் கிடைக்கும் 1200 எங்கே, இது எங்கே! கீழே இறங்கினாலும் 1200 குறையும். இரண்டாமவருக்கு எப்படியும் பூஜ்யம். இது முழுமையான நாஷ் சமநிலை.

விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு வேறு இடத்தில் இருக்கிறது. c₂-வைப் பார்த்ததும் அதற்குக் கீழே விலையை எழுதிவிடுகிறார்கள். முதலில் முதலாமவரின் முற்றுரிமை விலையை, அதாவது போட்டியே இல்லாவிட்டால் அவர் வைக்கும் விலையை, கணக்கிடுங்கள். இங்கே அது (100 + 20) ÷ 2 = 60. எதிராளியின் செலவு 60-க்குக் கீழே இருந்தால்தான் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். அது 70 என்றால், 69.99 வைப்பவருக்கு ஏறத்தாழ 1500 கிடைக்கும்; 60 வைப்பவருக்கு 40 × 40 = 1600. அந்தச் சந்தையில் இரண்டாமவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விலை 60-தான்.