பாத்ரூம் சுவரில் வெள்ளை உப்பு: பெயிண்ட் ஏன் நிற்பதில்லை?

“இரண்டு தடவை பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தும், சில மாதத்தில் வெள்ளையாகப் பூத்து உரிகிறது. என்ன செய்வது?”

பெயிண்டை மாற்றிப் பயனில்லை. சுவருக்குள் ஊறும் தண்ணீர், செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியானதும் உப்பு பெயிண்டுக்கு அடியில் படிகமாகி, அதைப் பெயர்த்துவிடுகிறது.

முதலில் ஈரம் எங்கிருந்து என்று பாருங்கள். துடைத்த சுவரில் ஒரு சாண் பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மேல்பக்கம் மட்டும் வியர்த்தால் குளியல் ஆவிதான்; எக்சாஸ்ட் ஃபேன் போதும். உப்பே இல்லாமல் சீலிங் மட்டும் உரிந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

எங்கள் வீட்டில் குழாய் உயரத்தில், சுவரின் மறுபக்கப் படுக்கையறையில் பூத்தது. உடைத்துப் பார்த்தால் ஷவர் பைப் ஜாயிண்டில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. அதைச் சரிசெய்து, கறைக்கு ஒரு அடி வெளியே வரை பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தினோம். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் தேயுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். அப்புறம் பல வாரம் காயவிட்டுத்தான் புதுப் பூச்சு. அவசரப்பட்டு ஈரச் சுவரில் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால், அதுவும் கொப்பளித்து உரியும்.